நெத்திலி சம்பலைத் தேடுவோர் கண்டடைய: சமையல் காணொளிக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதும் முறை

நம் தோட்டங்களில் கைப்பேசியைக் கொண்டு சமையல் காணொளி எடுத்து, யூடியூபில் சொந்தமாக ஓர் அலைவரிசை தொடங்கியுள்ள இல்லத்தரசிகள் இருக்கின்றனர். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளில் ஒருவர் படம் பிடிக்க, மற்றொருவர் அதனை வெட்டி ஒட்டிச் செம்மைப்படுத்த, அரை நாள் உழைப்பில் பத்து நிமிடக் காணொளி ஒன்று உருவாகின்றது. ஆயினும், அதனைப் பார்ப்போர் பெரும்பாலும் உற்றார் உறவினராகவே இருந்துவிடுகின்றனர். சமையலில் குறையில்லை, படத்திலும் குறையில்லை. ஆனால், அந்தச் சமையலைத் தேடும் அயலார் கண்ணில் அது படுவதில்லை.

இதனால் ஏற்படும் இழப்பு எத்துணை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீண்ட காணொளிகளை வெளியிடும் ஓர் அலைவரிசை விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமாயின், அதற்கு 1,000 சந்தாதாரர்கள் இருத்தல் வேண்டும். கடந்த 12 மாதங்களில் அதன் காணொளிகள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருத்தலும் வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். வருவோர் ஒவ்வொருவரும் சராசரியாக 4 நிமிடம் பார்க்கின்றனர் என வைத்துக்கொண்டால், ஓராண்டில் 60,000 பார்வைகள் தேவைப்படும். உறவினரை மட்டும் நம்பி இந்த எண்ணிக்கையை எட்டுதல் இயலாது. தேடி வருவோரும், தளமே பரிந்துரைத்து அனுப்புவோரும் வந்தால்தான் இயலும்.

அவ்வாறு வருவதற்கு நாம் எழுதித் தரும் சொற்கள் மூன்று இடங்களில் அமைகின்றன. அவை தலைப்பு, விளக்கவுரை, பகுதித் தலைப்புகள் என்பனவாம். நம் அனைவருக்கும் பழக்கமான நெத்திலி சம்பலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்மூன்றையும் எழுதும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

தேடலும் பரிந்துரையும்

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒருவர் தேடல் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்கின்றார். அச்சொல்லுக்கும் நமது தலைப்பு, விளக்கவுரை, காணொளியின் உள்ளடக்கம் ஆகியவற்றுக்கும் உள்ள பொருத்தத்தைத் தளம் ஆராய்கின்றது. அச்சொல்லைத் தேடி முன்னர் வந்தோர் அக்காணொளியை விரும்பிப் பார்த்தனரா என்பதையும் அது கணக்கில் கொள்கின்றது. இது தேடல்.

பரிந்துரை வேறு. ஒருவர் எதையும் தேடாமலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் காணொளியின் பக்கத்திலோ கீழேயோ வேறு காணொளிகள் வரிசையாகக் காட்டப்படுகின்றன. அங்கு, அவர் இதற்குமுன் எவற்றைப் பார்த்தார், அவரைப் போன்றோர் எவற்றை அழுத்தினர், அழுத்திய பின் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பவையே பெரிதும் வழிகாட்டுகின்றன. விளக்கவுரையில் நூறு சொற்களைக் குவிப்பதால் பரிந்துரை கிட்டிவிடாது. பார்ப்பவர் மனத்தில் தலைப்பு ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்க வேண்டும். காணொளி அதனை நிறைவேற்ற வேண்டும்.

ஆகவே, தேடுபவரின் சொல் நம் எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதிய வாக்கைச் சமையல் காப்பாற்றுதல் வேண்டும். கீழே வருவன யாவும் இவ்விரண்டிலும் அடங்கும்.

எச்சொல்லைத் தேடுவர்?

ஓர் இல்லத்தரசி தம் காணொளிக்குப் பின்வருமாறு தலைப்பிட்டார் எனக் கொள்வோம்:

```
அம்மாவின் கைப்பக்குவம்!! சூப்பர் டேஸ்ட், மிஸ் பண்ணாதீங்க | பாகம் 12
```

அன்பு நிறைந்த தலைப்புத்தான். ஆனால், இதில் நெத்திலி இல்லை, சம்பலும் இல்லை. "அம்மாவின் கைப்பக்குவம்" எனத் தேடி நெத்திலி சம்பலைக் கற்க வருவார் எவருமிலர். "பாகம் 12" என்பதும் புதியவருக்குப் பயன்படாது. முன்னைய பதினொன்றையும் பார்க்கவேண்டுமோ என்னும் தயக்கத்தையே அது உண்டாக்கும்.

தேடுவோர் எச்சொல்லைத் தட்டச்சு செய்கின்றனர் என்பதை அறிவது கடினமன்று. தேடல் கட்டத்தில் "நெத்திலி" என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். பிறர் தேடும் சொற்றொடர்கள் கீழே வரிசையாகத் தோன்றும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் nethili என்று உரோமன் எழுத்திலும், ikan bilis என்று மலாயிலும் எழுதிப் பாருங்கள். உங்கள் பழைய தேடல்கள் இவ்வரிசையை மாற்றிவிடக் கூடுமாதலால், கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் பார்த்தல் நன்று.

இங்கு நம் நாட்டிற்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. மலேசியாவில் நெத்திலி என்றவுடன் பெரும்பாலோர் நினைப்பது கடையில் எடைபோட்டு விற்கும் காய்ந்த சிறு மீனையே. தமிழ்நாட்டின் கடலோரத்திலோ அப்பெயர் பச்சை மீனுக்கும் வழங்குகின்றது. உலர்ந்ததை நெத்திலிக் கருவாடு என்பர். வெறும் "நெத்திலி" என்று தேடும் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் பச்சை மீன் வறுவலை எதிர்பார்த்திருக்கலாம். நம் காணொளியைத் திறந்து, காய்ந்த நெத்திலியைக் கண்டவுடன் விலகிச் சென்றுவிடுவார். ஆகவே, கருவாடு என்னும் சொல் விளக்கவுரையின் தொடக்கத்திலேயே வருதல் நலம்.

மொழியைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தம்பதியர் இருவர், 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், மலாய் மொழியிலேயே பேசிச் சமைத்துக் காட்டி நாடெங்கும் அறியப்பட்டனர். அவர்கள் பேசியதே மலாய் ஆதலின், மலாய்த் தலைப்பு அவர்களுக்குப் பொருந்திற்று. தமிழில் பேசும் காணொளிக்கு முழுவதும் மலாய்த் தலைப்பிட்டால், வந்தவர் மொழி புரியாது உடனே திரும்பிவிடுவார். தமிழ் அலைவரிசைக்குத் தமிழ்ப் பெயர் முதலில் நிற்க வேண்டும். நம் இளைஞர் தட்டச்சு செய்யும் மலாய்ப் பெயர் துணையாகப் பின்னே வரலாம்.

தலைப்பு

இவற்றை மனத்திற்கொண்டு தலைப்பை மாற்றி எழுதுவோம்:

```
நெத்திலி சம்பல் | மொறுமொறுப்பு குறையாத செய்முறை | Sambal Ikan Bilis
```

உணவின் பெயர் முதலில் நிற்கின்றது. கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் கடைப்பகுதி பல இடங்களில் மறைந்துபோகும். எனவே, மறையக் கூடாதது முன்னே வருதல் வேண்டும். அடுத்து, இக்காணொளி மட்டும் தரும் பயன் கூறப்படுகின்றது. சம்பலில் போட்ட நெத்திலி சற்று நேரத்தில் ஊறி மெத்தென்றாகிவிடும் என்பது சமைப்போர் பலரின் குறை. அக்குறைக்கு விடை உண்டென்று தலைப்பு சொல்கின்றது. இறுதியில் மலாய்ப் பெயர் வருகின்றது.

தலைப்பிற்கு 100 குறிகள் வரை இடமுண்டு. தமிழில் எழுதுவோர் இங்கு ஏமாந்துவிடுதல் கூடும். நாம் "நெத்திலி" என்பதை நான்கு எழுத்தாக எண்ணுகின்றோம். கணினியோ கொம்பு, புள்ளி, சுழி ஆகியவற்றைத் தனித்தனிக் குறியாகக் கொண்டு எட்டு என எண்ணுகின்றது. மேற்கண்ட தலைப்பு, இடைவெளிகளையும் சேர்த்து, நம் கணக்கில் 48. கணினிக் கணக்கில் 67. தட்டச்சு செய்யும் கட்டத்தின் அருகில் தோன்றும் எண்ணிக்கையைப் பார்த்து எழுதினால் இடர்ப்பாடு நேராது.

இன்னுமொன்று. புதிய அலைவரிசையொன்று "கோழிக் கறி" என்று மட்டும் தலைப்பிட்டால், அதே பெயரில் பல ஆண்டுகளாக நிலைத்துள்ள எண்ணற்ற காணொளிகளுடன் போட்டியிட நேரும். "காய்ந்த மிளகாய் அரைத்த தோட்டத்துக் கோழிக் கறி" என்றாற்போல் குறுகலாக எடுத்துக்கொள்ளும்போது தேடுவோர் தொகை குறையும். ஆனால், அவருள் நம்மைக் கண்டடைவோர் மிகுதியாவர்.

விளக்கவுரை

விளக்கவுரைக்கு 5,000 குறிகள் வரை இடமுண்டு. அத்தனையையும் நிரப்ப வேண்டுவதில்லை. முதல் இரண்டு வரிகளே மிக முக்கியமானவை. எஞ்சியவை பார்ப்பவர் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். பலர் அவ்விடத்தில் "வணக்கம் நண்பர்களே, சந்தா செய்யுங்கள்" என எழுதி வீணாக்கிவிடுகின்றனர். அவ்விடத்திற்கு உரியவை பின்வருவன போன்ற வாக்கியங்களே:

```
காய்ந்த நெத்திலிக் கருவாட்டைக் கொண்டு, நாசி லெமாக்குடன் உண்ணும்
நெத்திலி சம்பல் செய்யும் முறை. கடைசி வரை மொறுமொறுப்பு குறையாமல்
இருக்க, நெத்திலியை எப்போது சேர்ப்பது என்பதையும் காட்டியுள்ளோம்.
மலாயில் Sambal Ikan Bilis, உரோமன் எழுத்தில் Nethili Sambal.
```

இயல்பான வாக்கியங்களில் தேடுசொற்கள் தாமாகவே அமைந்துவிட்டதைக் காண்க. இவ்வாறின்றி, நெத்திலி, நெத்திலி சம்பல், சம்பல் நெத்திலி, நெத்திலி வறுவல், நெத்திலி கறி எனச் சொற்களை மாலைபோல் கோத்து அடுக்குதல் தவறு. விளக்கவுரையில் தேடுசொற்களை அளவின்றிக் குவிப்பதைத் தளத்தின் விதிகள் தடை செய்கின்றன. அதனால் காணொளியே நீக்கப்படுதலும் கூடும். ஒரே பெயரைப் பலவாறு பிழைபட எழுதுவோருக்காக netthili, neththili போன்ற வடிவங்களைத் தர விரும்பினால், அதற்கென உள்ள Tags கட்டத்தில் இடலாம். அக்கட்டத்தின் பயன் இவ்வளவே. அது தேடலில் சிறு பங்கே வகிப்பதாகத் தளமே கூறுகின்றது.

முதல் வரிகளுக்குப் பின் பொருள்களையும் அளவையும் எழுதுக. 200 கிராம் நெத்திலி, 25 காய்ந்த மிளகாய், 10 சின்ன வெங்காயம், 4 பல் பூண்டு, சிறு துண்டு பெலாச்சான், எலுமிச்சையளவு புளி, 2 மேசைக்கரண்டி சீனி என்றவாறு அமையலாம். அடுக்களையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு சமைப்பவர் இவ்விடத்திற்குத் திரும்பத் திரும்ப வருவார். காணொளியில் காட்டிய அளவும் இங்கு எழுதிய அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இதற்குக் கீழே, நீங்கள் செய்த வேறு சம்பல் காணொளி ஒன்றின் இணைப்பைத் தருக. சம்பல் பார்க்க வந்தவர் அடுத்தும் உங்கள் சம்பலையே பார்ப்பாராயின், அவ்விரண்டையும் சேர்த்துப் பரிந்துரைக்க வழி பிறக்கும்.

பகுதித் தலைப்புகள்

நீண்ட காணொளியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் பெயரிடும் வசதி உண்டு. இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். விளக்கவுரையிலேயே நேரத்தை முன்னும் பெயரைப் பின்னுமாக, வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். 9 நிமிடம் 40 விநாடி நீளமுள்ள நம் காணொளிக்கு அவை இவ்வாறு அமையும்:

```
0:00 நெத்திலி சம்பல்: செய்து முடித்த பதம்
0:25 தேவையான பொருள்களும் அளவும்
1:20 காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்தல்
3:05 நெத்திலியைக் கழுவி உலர்த்திப் பொரித்தல்
4:40 மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்குதல்
7:30 புளி, சீனி, உப்பு சேர்த்தல்
8:35 அடுப்பை அணைத்த பின் நெத்திலியைச் சேர்த்தல்
```

இதற்கு நான்கு விதிகள் உள்ளன. முதல் வரி 0:00 என்றே தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று வரிகள் இருத்தல் வேண்டும். நேரங்கள் ஏறுவரிசையில் அமைதல் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும். எழுதியும் பகுதிகள் தோன்றவில்லையாயின், இந்நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க. பெரும்பாலும் முதல் வரியை 0:05 எனத் தொடங்கியிருத்தலோ, இரு நேரங்கள் இடம் மாறியிருத்தலோ காரணமாகும். நாம் எதுவும் எழுதாவிடில், தளம் சில வேளைகளில் தானே பகுதி பிரித்துப் பெயரிடும். தமிழ்ச் சமையற் சொற்களில் அதனை நம்பியிருத்தல் நன்றன்று. நாம் எழுதியது இருந்தால் அதுவே ஏற்கப்படும்.

பகுதிகளின் பெயர்களையும் கவனிக்க. "முதற்படி", "இரண்டாம் படி" என எழுதினால் அது எவருக்கும் உதவாது. "எண்ணெய் பிரியும்வரை வதக்குதல்" என்றால், விழுது பச்சை வாடையடிக்கின்றதே என்று தவிப்பவர் நேரே அவ்விடத்திற்குச் செல்வார். கூகள் தேடலிலும் இத்தகைய பகுதிகள் தனித்தனியே காட்டப்படுவதுண்டு.

பார்ப்போர் பகுதி விட்டுப் பகுதி தாவுவதால் பார்வை நேரம் குறைந்துவிடாதோ எனச் சிலர் ஐயுறுவர். தாவ வசதியில்லாதபோது, அவர் பொறுமையிழந்து முற்றும் வெளியேறிவிடுதலும் உண்டு. தாமே தேடிக்கொண்டு வந்த பகுதியைக் கண்டடைந்தவரோ, மறுமுறை சமைக்கும்போதும் அதே காணொளிக்குத் திரும்புவார்.

கடைசிப் பகுதியை மீண்டும் ஒருமுறை நோக்குக. மொறுமொறுப்பு குறையாது எனத் தலைப்பு வாக்களித்தது. அதற்கான விடை 8:35-இல் உள்ளது. விழுதின் ஈரம் வற்றி, அடுப்பை அணைத்த பின்னரே நெத்திலியைக் கலப்பதுதான் அவ்விடை. மேலும், முடிந்த பதத்தை முதல் 25 விநாடியிலேயே காட்டி, நெத்திலியை உடைத்து அதன் ஓசையைக் கேட்கச் செய்தால், வந்தவர் தாம் சரியான இடத்திற்கு வந்துள்ளதை உணர்வார். முதல் இரண்டு நிமிடத்தைக் குடும்பக் கதையில் செலவழித்தால், எத்துணை நல்ல தலைப்பும் பயனற்றதாகும்.

நோயறிந்து மருந்திடல்

காணொளி வெளியாகி இரண்டு மூன்று வாரம் சென்றபின், YouTube Studio எனும் செயலியில் Analytics பகுதியைத் திறந்து பார்க்க. அங்கு மூன்று எண்களை ஒப்பிட்டால் குறை எங்குள்ளது என்பது விளங்கும்.

முதலாவது Impressions, அதாவது நம் காணொளியின் முகப்புப் படமும் தலைப்பும் எத்தனை முறை பிறருக்குக் காட்டப்பட்டன என்பது. இரண்டாவது, காட்டப்பட்டதில் நூற்றுக்கு எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பது. அலைவரிசைகளுள் பாதி, இவ்விகிதத்தில் 2 முதல் 10 விழுக்காட்டிற்குள் அமைவதாகத் தளம் தெரிவிக்கின்றது. மூன்றாவது, அழுத்தியவர் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது.

காட்டப்பட்ட எண்ணிக்கையே மிகச் சிறிதாயின், தேடுவோர் சொல் நம்மிடம் இல்லை, அல்லது அவ்வுணவைத் தேடுவோர் குறைவு. தலைப்பின் முதற்சொல்லை ஆராய்க. 1,000 முறை காட்டப்பட்டு 10 முறையே அழுத்தப்பட்டிருப்பின், சொல் பொருந்திற்று. ஆனால், பார்ப்பவரை அது ஈர்க்கவில்லை. தலைப்பின் இரண்டாம் பகுதியையும் முகப்புப் படத்தையும் மாற்றுக. பலர் அழுத்தியும் அரை நிமிடத்திற்குள் வெளியேறினராயின், தலைப்பு சொன்னது ஒன்று, காணொளி காட்டியது வேறொன்று என்று பொருள். இந்நிலையில் தலைப்பை மேலும் கவர்ச்சியாக்குதல் நோயை வளர்க்குமேயன்றித் தீர்க்காது. தலைப்பை உள்ளபடி எழுதுவதும், அடுத்த காணொளியின் தொடக்கத்தைச் செம்மை செய்வதுமே தகும்.

அதே பகுதியில் YouTube search எனும் வரியைத் திறந்தால், வந்தவர்கள் தட்டச்சு செய்த சொற்களே பட்டியலாகக் கிடைக்கும். அதில் "நெத்திலி கருவாடு தொக்கு" என்பது மிகுந்திருக்கக் கண்டால், அடுத்த காணொளி எதைப் பற்றியதாக இருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தலைப்பை மாற்றுவதால் முன்னர்ப் பெற்ற பார்வைகள் அழிந்துவிடா. ஆனால், தலைப்பு, படம், விளக்கவுரை அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினால், பயன் எதனால் விளைந்தது எனக் கூற இயலாது. ஒன்றை மாற்றி, மாற்றிய நாளை ஏட்டில் குறித்து, சில வாரம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் அலைவரிசையில் மிகக் குறைவாகப் பார்க்கப்பட்ட காணொளி ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் தலைப்பில் உணவின் பெயர் எத்தனையாவது சொல்லாக வருகின்றது?

2. அவ்வுணவின் பெயரைத் தமிழிலும், உரோமன் எழுத்திலும், மலாயிலும் தேடல் கட்டத்தில் எழுதி, தோன்றும் சொற்றொடர்களுள் உங்கள் சமையலுக்கு உண்மையிலேயே பொருந்துவனவற்றை மட்டும் குறித்துக்கொள்க.

3. அவற்றைக் கொண்டு தலைப்பையும், விளக்கவுரையின் முதல் இரண்டு வரிகளையும் புதிதாக எழுதுக. தலைப்பு தரும் வாக்குறுதி காணொளியின் எந்த நிமிடத்தில் நிறைவேறுகின்றது எனக் கண்டு, அவ்விடத்திற்கு ஒரு பகுதித் தலைப்பு இடுக. அப்படியோர் இடம் காணொளியில் இல்லையாயின், தலைப்பிலிருந்து அவ்வாக்குறுதியை நீக்கிவிடுக.